படுக்கைப் புண் ஹேண்ட்அவுட்டிலிருந்து ஒரு சொற்பட்டியல்: நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கு

முதலாண்டு நர்சிங் வகுப்பில் படுக்கைப் புண் பாடம் நடக்கும் அன்று ஏழெட்டுப் பக்க ஹேண்ட்அவுட் ஒன்று கைக்கு வரும். புண்ணின் நிலைகள், புண் வரும் ஆபத்தைக் கணக்கிடும் பிரேடன் அளவுகோல், பராமரிப்பு எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் அன்று இரவே ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அகராதியில் கிடைத்த தமிழ்ச் சொல் என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். நூறு சொல்லுக்கு மேல் சேர்ந்தது.

அந்த நோட்டில் 'ஸ்லஃப்' என்ற சொல்லுக்கு நேராகச் 'சீழ்' என்று எழுதியிருந்தேன். அகராதியில் பாம்புச் சட்டை என்றும் சேற்றுக்குழி என்றும் போட்டிருந்தது. இரண்டும் பொருந்தவில்லை. ஹேண்ட்அவுட்டில் 'மஞ்சள் நிறம்' என்று இருந்ததால் நானே சீழ் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வார்டில் ஒரு பெரியவரின் புண்ணைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், புண் முழுக்கச் சீழ்" என்றேன். சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு, சலைனில் நனைத்த காஸால் மெதுவாகத் துடைத்தார். மஞ்சள் அப்படியே இருந்தது. "சீழா இருந்தா துடைச்சா வந்துடும்மா. இது ஒட்டிக்கிட்டிருக்கிற செத்த சதை. ஸ்லஃப்னு படிச்சிருப்பியே?" என்றார். படித்திருந்தேன், நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன். எழுதியது தவறு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பட்டியல் போடும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எந்தச் சொல்லை எடுப்பது

முதல் வாசிப்பில் பேனாவைத் தொட வேண்டாம். இரண்டாவது வாசிப்பில் இரண்டு விதமான குறி போடுங்கள். கேள்விப்பட்டே இராத சொல்லுக்கு அடிக்கோடு. எரிதீமா, எஸ்கார், மேசரேஷன், டிப்ரைட்மென்ட் போன்றவை இதில் வரும். தெரிந்த மாதிரியே இருந்து ஏமாற்றும் சொல்லுக்கு வட்டம். ஷியர், ஸ்டேஜ், டனலிங், அண்டர்மைனிங், மொபிலிட்டி, ஆக்டிவிட்டி எல்லாம் இந்த வகை.

அடிக்கோடிட்ட சொல்லை எப்படியும் தேடிப் பார்த்துவிடுவோம். 'டனல் என்றால் சுரங்கம், இதில் என்ன இருக்கிறது' என்று தாண்டிப் போவது வட்டமிட வேண்டிய சொல்லைத்தான். பரீட்சையிலும் வார்டிலும் காலை வாரிவிடுவதும் அதுதான். அதனால் பட்டியலை வட்டமிட்ட சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

எட்டுப் பக்கத்துக்கு முப்பது, முப்பத்தைந்து சொல் தாராளம். நூறு சொல் எழுதினால் ஒன்றையும் சரிபார்க்க மாட்டோம். மருந்துப் பெயர், அளவு, அலகு இவற்றைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அவற்றை மொழிபெயர்ப்பதால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஐந்து கட்டம்

கூகுள் ஷீட்டிலோ கோடு போட்ட நோட்டிலோ ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பக்க எண்ணையும் சேருங்கள். இரண்டாவதில் அந்தச் சொல் ஹேண்ட்அவுட்டில் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். மூன்றாவது தமிழ்ச் சொல்லுக்கு. நான்காவது, கண்ணுக்கும் கைக்கும் அது எப்படித் தெரியும் என்பதற்கு. ஐந்தாவது, நோயாளியின் வீட்டாரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு.

இரண்டாவது கட்டம் வீண் வேலை என்று தோன்றும். ஆனால் சொல்லின் பொருளைப் பிடித்துக் கொடுப்பது அந்த வாக்கியம்தான். என் பழைய நோட்டில் 'ஈரமாகப் புண்ணின் படுகையில் ஒட்டியிருக்கும்' என்ற வாக்கியத்தையும் எழுதியிருந்தால் சீழ் என்று போட்டிருக்க மாட்டேன். சீழ் எங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்காது. மூன்றாவது கட்டத்தையும் ஐந்தாவதையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. மூன்றாவது நீங்கள் பாடத்தைப் புரிந்துகொள்ள. ஐந்தாவது, படுக்கைக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து சொல்ல.

தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்அவுட்டில் 'பிரஷர் அல்சர்' என்று இருக்கும். புதிய ஹேண்ட்அவுட் என்றால் 'பிரஷர் இஞ்சுரி' என்றிருக்கலாம், ஏனென்றால் படுக்கைப் புண்ணுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு 2016-ல் பெயரை அப்படி மாற்றியது. தோல் கிழியாத முதல் நிலையைப் புண் என்று எப்படிச் சொல்வது என்பது அதற்கு ஒரு காரணம். தமிழில் மூன்றாவது கட்டத்தில் 'அழுத்தப் புண்' என்று எழுதலாம். ஐந்தாவதில் 'படுக்கைப் புண்' அல்லது 'பெட்சோர்' போதும், வீட்டாருக்குத் தெரிந்த பேர் அதுதான். "அல்சர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் அல்சர் என்றால் வயிற்றுப் புண். "காரமே குடுக்கலையே சிஸ்டர்" என்பார்கள். இஞ்சுரியைக் 'காயம்' என்று மாற்றிச் சொன்னால் அது வேறு வம்பு. யார் தள்ளிவிட்டார்கள் என்ற கேள்வி வரும்.

ஒரு வரியை முழுதாகப் பார்ப்போம்

முதல் நிலையை விளக்கும் வரியில் மூன்று சொற்கள் முக்கியம்: 'நான்-பிளாஞ்சபிள்', 'எரிதீமா', 'போனி பிராமினன்ஸ்'. கடைசியிலிருந்து வருவோம், அதுதான் சுலபம். தோலுக்கு அடியில் எலும்பு மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடம் அது. 'எலும்பு மேடு' என்று போட்டுவிடலாம். நான்காவது கட்டத்தில் இடங்களை எழுதுங்கள்: குதிகால், கணுக்கால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கை, பின்தலை, சேக்ரம். சேக்ரத்துக்கு அகராதியில் 'திருவெலும்பு' என்று கிடைக்கும். அழகான சொல்தான். ஆனால் வீட்டாரிடம் சொன்னால் கோயில் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். "இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் மேலே" என்று கையை வைத்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்து எரிதீமா. அகராதியில் 'தோல் சிவத்தல்' என்று இருக்கும். சரியான பொருள்தான், ஆனால் இங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல். ஹேண்ட்அவுட்டில் இருக்கும் படம் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் வார்டில் படுத்திருப்பவர் மாநிறம், அல்லது கறுப்பு. அந்தத் தோலில் சிவப்பைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்தோ ஊதா சாயலிலோ தெரியலாம். தொட்டால் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கலாம், கெட்டிப்பட்டோ கொழகொழத்தோ இருக்கலாம், நோயாளிக்கு அங்கே வலிக்கலாம். 'சிவத்தல்' என்று மட்டும் பட்டியலில் எழுதினால், சிவப்பில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுவோம்.

இதற்கு எனக்குச் சொல் கொடுத்தது அகராதி இல்லை, வார்டில் இருந்த ஆயாம்மா. ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது, "பின்பக்கம் கன்னிப்போயிருக்கு பாப்பா, சிஸ்டர்கிட்ட சொல்லு" என்றார். கன்றிப்போதல்! அழுத்தத்தால் தோலின் நிறமும் தன்மையும் மாறுவது முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, சிவப்பு என்ற நிபந்தனையே இல்லை. ஐந்தாவது கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: அடிபட்டு ரத்தம் கட்டுவதையும் கன்றிப்போனது என்றுதான் சொல்வோம். அதனால் மூன்றாவது கட்டத்தில் 'சிவத்தல், நிறமாற்றம்' என்று வைத்துக்கொண்டு, 'கன்றிப்போதல்' என்பதைப் பேச்சுக்கு மட்டும் வையுங்கள்.

கடைசியாக நான்-பிளாஞ்சபிள். பிளாஞ்ச் என்று தேடினால் காய்கறியை வெந்நீரில் போட்டெடுக்கும் சமையல் குறிப்பு முதலில் வந்து நிற்கும். இங்கே பொருள் வேறு. விரலால் அழுத்தும்போது அந்த இடத்து ரத்தம் விலகித் தோல் வெளிறும், விரலை எடுத்ததும் நிறம் திரும்பும். அப்படி வெளிறினால் ரத்த ஓட்டம் இன்னும் சரியாக இருக்கிறது. வெளிறாவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. ஆக, 'அழுத்தினாலும் வெளிறாத' என்பது மூன்றாவது கட்டம். நான்காவதில்: 'விரல் நுனியால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அடர்நிறத் தோலில் வெளிறுவது தெரியாமல் போகலாம், அப்போது சூடும் கெட்டித்தன்மையும் பார்க்க வேண்டும்.' இப்படி ஒரு வரிக்கே அரைமணி நேரம் ஆகும். எல்லா வரிக்கும் இவ்வளவு ஆகாது, பயப்பட வேண்டாம்.

இரண்டு சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் வந்தால்

பட்டியல் பாதி முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாவது கட்டத்தில் ஒரே தமிழ்ச் சொல் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நோட்டு என்றால் கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷீட்டில் தமிழ்ச் சொல் C கட்டத்தில் இருந்தால், காலியான ஒரு கட்டத்தின் இரண்டாவது வரியில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிடலாம்:

```
=COUNTIF(C:C, C2)
```

2 அல்லது அதற்கு மேல் வரும் இடத்தில் சிக்கல் இருக்கிறது. சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் மட்டும் இது ஏமாற்றிவிடும்.

என் பட்டியலில் முதலில் மாட்டியது ஆக்டிவிட்டியும் மொபிலிட்டியும். இரண்டும் பிரேடன் அளவுகோலில் தனித்தனிப் பிரிவுகள், இரண்டுக்கும் நான் 'இயக்கம்' என்று எழுதியிருந்தேன். ஆக்டிவிட்டி என்பது ஆள் படுக்கையை விட்டு எழுந்து எவ்வளவு நடமாடுகிறார் என்பது. மொபிலிட்டி என்பது இருந்த இடத்திலேயே தானாகப் புரண்டு, நகர்ந்து உடம்பின் நிலையை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பது. சக்கர நாற்காலியிலேயே இருக்கும் ஒருவர், கைப்பிடியை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி மாற்றிக்கொள்கிறார் என்று வையுங்கள். ஆக்டிவிட்டியில் அவருக்கு 2. மொபிலிட்டியில் 4 வரைகூடக் கிடைக்கலாம். இரண்டும் 'இயக்கம்' என்றால் இரண்டிலும் 2 போட்டுவிடுவோம். இப்போது என் பட்டியலில் ஆக்டிவிட்டி 'நடமாட்டம்', மொபிலிட்டி 'புரள்திறன்'. இரண்டாவது நானே ஒட்டவைத்த சொல், எந்த அகராதியிலும் தேடாதீர்கள். அப்படி நாமே உண்டாக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவைப்பது நல்லது. பின்னால் யாராவது உங்கள் பட்டியலைக் கேட்டு வாங்கும்போது எது பொதுச் சொல், எது உங்கள் சொல் என்று தெரியும்.

பிரேடன் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மதிப்பெண் 6 முதல் 23 வரை போகும். குறைந்தால்தான் ஆபத்து, 18-ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டிய எல்லை. பட்டியலில் 'ஆபத்து மதிப்பெண்' என்று எழுதினால் அதிகம் வந்தால் ஆபத்து என்று மூளை தானாகப் படித்துவிடும். பெயரை 'பிரேடன் மதிப்பெண்' என்றே விட்டுவிட்டுப் பக்கத்தில் 'குறைந்தால் ஆபத்து' என்று எழுதுங்கள்.

அடுத்த ஜோடி ஃபிரிக்ஷனும் ஷியரும். ஃபிரிக்ஷன் என்றால் உராய்வு, அதில் சந்தேகமில்லை. ஷியருக்கு என்ன போடுவது? சில அகராதி வெட்டுதல் என்கிறது, ஆட்டு ரோமம் கத்தரிப்பது என்கிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் 'சறுக்குப்பெயர்ச்சி' கிட்டத்தட்டச் சரி, ஆனால் வார்டில் நின்று அதை யாரிடம் சொல்வது? இதைச் சொல்லை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது, கையை வைத்துத்தான் முடியும். உள்ளங்கையை மேசைமேல் அழுத்தி வைத்து, தோல் நகராதபடி கையை முன்னால் தள்ளுங்கள். தோல் மேசையோடு ஒட்டி நிற்கும், உள்ளே இருக்கும் சதையும் எலும்பும் முன்னால் போகும். நடுவில் இருப்பது இழுபடும். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி மெல்லச் சறுக்கி இறங்கும்போது அவர் பின்பக்கத்தில் நடப்பது இதுதான். தோல் விரிப்போடு ஒட்டியிருக்க, உள்ளே ரத்தக் குழாய்கள் இழுபட்டு நெளிகின்றன. அதனால்தான், வேறு காரணம் இல்லாதபோது தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று ஹேண்ட்அவுட் சொல்கிறது. என் பட்டியலில் 'உள் இழுபடல்' என்று நட்சத்திரத்தோடு இருக்கிறது. உராய்வு தோலின் மேலே, இழுபடல் தோலுக்குள்ளே.

மூன்றாவதாக எஸ்கார். இதற்கும் சாதாரணப் புண் காய்ந்து மேலே கட்டும் பக்குக்கும் அகராதி 'பொருக்கு' என்ற ஒரே சொல்லைத் தரும். முழங்காலில் சிராய்த்தால் ரத்தமும் நீரும் காய்ந்து கட்டுவது பக்கு, தானே உதிர்ந்துவிடும். எஸ்கார் அப்படி இல்லை, அது செத்துப்போன சதையேதான். கறுப்பாக அல்லது பழுப்பாக, தோல் பை மாதிரி கெட்டியாக இருக்கும். குதிகாலில் காய்ந்து, இறுகி, சுற்றிலும் சிவப்போ கசிவோ இல்லாமல் இருக்கும் எஸ்காரை எடுக்கக் கூடாது என்பது பாடத்திலேயே வரும். வீட்டாரிடம் 'பக்கு' என்று சொன்னால் நகத்தால் உரித்துவிடுவார்கள். அதனால் மூன்றாவது கட்டத்தில் 'கருமையான இறந்த திசு', ஐந்தாவதில் "இது பக்கு இல்லீங்க, தொடாதீங்க".

பேச்சில் வேறு பொருள் தரும் சொற்கள்

இது சின்ன விஷயம், ஆனால் தொல்லை பிடித்தது. மேசரேஷன் என்றால் தோல் ஈரத்தில் நெடுநேரம் இருந்து வெளுத்துச் சுருங்குவது. துணி துவைத்த கை மாதிரி. இதற்கு 'ஊறல்' என்று எழுதினேன். ஊறல் என்றால் பல ஊர்களில் அரிப்பு. "ஊறல் இருக்கா?" என்று கேட்டால் "ஆமா, சொறிஞ்சுக்கிட்டேதான் இருக்கார்" என்று பதில் வரும். 'ஈரத்தில் ஊறிய தோல்' என்று முழுதாக எழுதிவிட்டால் தீர்ந்தது. அண்டர்மைனிங்குக்கு நேர்ச் சொல்லாகக் 'குழிபறித்தல்' கிடைக்கும். தமிழில் குழிபறிப்பது ஆட்கள் ஆட்களுக்குச் செய்வது! புண்ணின் ஓரத் தோலுக்கு அடியில் குழி பரவியிருப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது, 'ஓரத்தடிக் குழி' என்று வைத்துக்கொள்ளலாம். டனலிங் ஒரே திசையில் குறுகலாகப் போகும் பாதை.

இணையத்தில் கிடைக்கும் தமிழ் மருத்துவச் சொற்பட்டியல்களை எடுத்தால் இன்னொரு விஷயம் தெரியும். குருதி, குருதி அமுக்கம், தாதி என்றெல்லாம் வந்தால் அது பெரும்பாலும் இலங்கைத் தமிழ். அங்கே தமிழில் மேலை மருத்துவம் கற்பிப்பது பழைய பழக்கம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்காகக் கலைச்சொற்களையும் தொகுத்தார். அந்தச் சொற்கள் பல நம்முடையவற்றைவிடத் துல்லியமானவை. மூன்றாவது கட்டத்தில் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மதுரையில் ஒருவரிடம் "குருதி அமுக்கம் பார்க்கணும்" என்றால் விழிப்பார். அங்கே பிபி, அல்லது பிரஷர்.

இரண்டு பேரிடம் காட்டுவது

பட்டியல் முடிந்ததும் மூன்றாவது, நான்காவது கட்டங்களைப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டுங்கள். முழுதையும் தூக்கிக்கொண்டு போனால் அவருக்கு நேரம் இருக்காது. நட்சத்திரம் போட்டவற்றையும் சந்தேகமானவற்றையும் மட்டும், பத்துக்குள், கேளுங்கள்.

ஐந்தாவது கட்டத்தைச் சரிபார்க்க ஆசிரியர் உதவ மாட்டார். அதற்கு நர்சிங் தெரியாத ஒருவர் வேண்டும். வீட்டில் அம்மாவோ அத்தையோ போதும். சொல்லிவிட்டு "புரிஞ்சதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்பார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான் என் அத்தையிடம் "கன்னிப்போன இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, "மாமாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க அத்தை?" என்று கேட்டேன். "கன்னிப்போன இடத்தை நல்லா அழுத்தித் தேய்ச்சு விடணும்னு சொல்வேன்" என்றார். கன்றிப்போன இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ளே சேதம் அதிகமாகும். 'அழுத்தி' என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தைக்குத் தைலம் தேய்க்கும் ஞாபகம் வந்துவிட்டது. வாக்கியத்தை மாற்றினேன்: "ஒரு விரலை வெச்சு மூணு எண்ணிட்டு எடுங்க, நிறம் மாறுதான்னு பாருங்க. தேய்க்காதீங்க." இந்த முறை சரியாகத் திரும்பி வந்தது.

சீனியர்களின் பட்டியல் பெரும்பாலும் பழைய எழுத்துருவில் இருக்கும், பாமினி மாதிரி. ஷீட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகச் சிதறி நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிக்கொடுக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள்.

வார்டுக்கு முழுப் பட்டியலும் தேவையில்லை. முதல் கட்டத்தையும் ஐந்தாவதையும் மட்டும் ஒரே தாளில் அச்செடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதுவது ஆங்கிலத்தில்தான், அதில் இந்தத் தமிழ்ச் சொற்களைக் கலக்க வேண்டாம். நோயாளியின் பெயரையோ படுக்கை எண்ணையோ இந்தத் தாளில் எழுதக் கூடாது, கீழே விழுந்தால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஆயாம்மாவும் கூட இருக்கும் சொந்தக்காரர்களும் சொல்லும் சொற்களை அதில் அப்படியே, அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதிக்கொண்டு வந்து, வாரக் கடைசியில் ஐந்தாவது கட்டத்தில் ஏற்றுங்கள். என் தாளில் முதல் வரி 'கன்னிப்போச்சு', அதற்குக் கீழே, ஒரு நோயாளியின் மகள் சொன்னது: 'தோலு நைஞ்சிருக்கு'.